லிஃப்ட்டில் மாட்டிக்கொள்வது போல அடிக்கடி கனவு: உடம்புக் கோளாறா, மனசா?

கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில், கணக்குப் பிரிவு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். போன மழைக்காலத்திலிருந்து ஒரே கனவு விட்டு விட்டு வருகிறது.

ஒரு பழைய லிஃப்ட். நான் மட்டும் இருக்கிறேன். நாலாவது மாடிக்கு அழுத்துகிறேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. கதவு தானாகத் திறந்தால் எதிரே செங்கல் சுவர். வெளியே யாரோ டீ குடித்துக்கொண்டே பேசுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. அப்பா போன் பண்ணி "கிளம்பிட்டியாம்மா?" என்கிறார். "வந்துட்டே இருக்கேன்பா" என்று சொல்கிறேன். அப்புறம் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி எங்கள் வீட்டுச் சாமான் அறை அளவுக்கு வந்துவிடுகிறது. மூட்டையும் அண்டாவும் கூட இருக்கும். உட்கார இடம் இருக்காது. அதோடு விழிப்பு வந்துவிடும்.

நான் வேலை செய்யும் இடம் தரைத்தளம், லிஃப்ட்டே கிடையாது. அதுதான் எனக்குப் புரியவில்லை. அம்மா யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பெரியவர்

அம்மா, கனவு எந்த ஜாமத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் முன்னோர் கனவுக்கென்றே நூல் செய்தவர்கள். முதல் ஜாமத்தில் கண்டது பலிக்க ஒரு வருஷம் ஆகும், விடியற்காலையில் கண்டது பத்து நாளில் பலிக்கும் என்று கணக்கே உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கனவு கண்டு தேவந்தியிடம் சொன்னாளே, அது வீணாகவா போயிற்று? அடைபட்ட இடத்தைக் கனவில் கண்டால் வழக்கு, சிறை, இடத் தகராறு வரும் என்பார்கள். வெள்ளிக்கிழமை பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் ஒரு விளக்கு போட்டுவிட்டு வாருங்கள்.

முத்தியால்பேட்டை லிஃப்ட் மணி

தங்கச்சி, நான் லிஃப்ட் சர்வீஸ் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். பயப்படாதீர்கள். நடுவில் நின்ற லிஃப்ட்டில் காற்று தீர்ந்து செத்தார்கள் என்பதெல்லாம் சினிமாவில்தான். பெட்டி காற்றுப் புகாத டப்பா கிடையாது. மேலும் கீழும் துளை விட்டிருப்பார்கள், கதவு இடுக்கிலும் காற்று வரும். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், வேர்க்கும், அவ்வளவுதான். கம்பிவடம் ஒன்றல்ல, பல இருக்கும். மொத்தமும் அறுந்தாலும் வேகம் கூடியவுடன் அடியில் இருக்கிற பிடிப்பான் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும்.

இப்போது வருகிற லிஃப்ட்டில் ஏ.ஆர்.டி. என்று ஒரு பேட்டரிப் பெட்டி வைக்கிறோம். கரண்ட் போனதும் அதுவே மெதுவாகப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். பேட்டரி செத்திருந்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள். அப்படி நின்றால் செய்யவே கூடாத ஒன்று, கதவை நெம்பித் திறந்து குதிப்பது. பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் இருந்தால் காலுக்குக் கீழே இடைவெளி இருக்கும். வெளியே குதிக்கிறவர் வழுக்கி அந்த இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுவார். லிஃப்ட் விபத்தில் உயிர் போவது பல நேரம் இந்த மாதிரிதான். மணி அடித்துவிட்டு உள்ளேயே உட்காருங்கள்.

கெடிலக்கரை

மணி அண்ணா, நன்றி. ஆனால் எனக்கு லிஃப்ட் என்றால் பயம் இல்லை. எங்கே போனாலும் ஏறி இறங்குகிறேன். கனவில்தான் பிரச்சினை.

முத்தியால்பேட்டை லிஃப்ட் மணி

சரி சரி. நான் லிஃப்ட்டுக்குப் பயப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அது இங்கேயே இருக்கட்டும், வேறு யாருக்காவது உதவும்.

லாசுப்பேட்டை ரமணன்

இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. இது குறட்டை வியாதி. எனக்கும் இதே கதைதான். கிணற்றுக்குள் இறங்குவேன், மேலே கல்லை வைத்து மூடிவிடுவார்கள். மூச்சு முட்டி எழுந்தால் நெஞ்சு தடதடவென்று அடிக்கும். வாய் காய்ந்திருக்கும், காலையில் தலைவலி. என் மனைவிதான் "தூக்கத்தில் மூச்சே நின்று போகிறது" என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இப்போது மூக்கில் காற்று மெஷின் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். கிணறும் இல்லை, கல்லும் இல்லை. மனசு, வாழ்க்கை என்று சுற்றாமல் முதலில் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள்.

ஊசுட்டேரி

ஒரு மருத்துவமனையில் தூக்கப் பிரிவில் உளவியலாளராக வெகுகாலம் இருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கனவுகளை நிறையக் கேட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ரமணன் சொல்வது அவருக்கு முழுக்கச் சரி. கனவு மிகுதியாக வருகிற தூக்கத்தில், ரெம் தூக்கம் என்போம், கைகால் தசைகளை மூளை தளர்த்தி வைத்துவிடும். தொண்டைத் தசையும் அப்போதுதான் அதிகம் தொய்யும். அதனால் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் அடைப்பு கூடும், அது கனவுக்குள் கிணறாகவோ தண்ணீராகவோ நுழையலாம். ஆனால் மூச்சடைப்பு உள்ள எல்லாருக்கும் இப்படிக் கனவு வருவதில்லை. அடைபட்ட கனவு காண்கிற எல்லாருக்கும் மூச்சடைப்பும் இல்லை.

எனவே தங்கையிடம் சில கேள்விகள். எழும்போது மூச்சு வாங்குகிறதா, இல்லை வெறும் அலுப்பா? பகலில் தூக்கம் சொக்குகிறதா? எப்போதாவது நிஜமாக எங்கேயாவது அடைபட்டிருக்கிறீர்களா, சின்ன வயதில் அறையில் போட்டுப் பூட்டியது உட்பட? ஏதாவது மாத்திரை புதிதாகத் தொடங்கினீர்களா? படபடப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், உதாரணமாக புரோப்ரனலால், சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: லிஃப்ட் நின்ற பிறகு கனவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பெரியவர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலைக் கனவுக்குத் தனி மதிப்பு கொடுத்தது சும்மா இல்லை. ராத்திரியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ரெம் தூக்கம் வந்து போகும், விடிய விடிய அதன் நீளம் கூடிக்கொண்டே வரும். நீளமான, தெளிவான கனவு விடியலில்தான் அதிகம் வரும், உடனே விழிப்பதால் நினைவிலும் நிற்கும். பத்து நாளில் பலிக்கும் என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் பெரியவர்

ஏற்றுக்கொள்ளாவிட்டால் போகட்டும் அம்மா. விளக்கு போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லையே.

ஊசுட்டேரி

நிச்சயமாக இல்லை ஐயா. போய் வரட்டும்.

அரியாங்குப்பம் தினேஷ்

நான் காலேஜ் படிக்கிறேன். எனக்கும் இதே மாதிரிதான் அக்கா. முழிப்பு வந்துவிடும், ஹாஸ்டல் ரூம் தெரியும், ஆனால் கை கால் அசையாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அமுக்குவான் பேய் என்று ஃப்ரெண்ட்ஸ் சொல்கிறார்கள். இதுவும் அடைபட்ட கனவுதானா?

ஊசுட்டேரி

இல்லை தம்பி, இது வேறு. நீ பாதி விழித்துவிட்டாய், உடம்பு இன்னும் ரெம் தூக்கத்தின் தளர்ச்சியிலேயே இருக்கிறது. சில நொடியிலோ ஓரிரண்டு நிமிஷத்திலோ தானாக விட்டுவிடும். இரவு கண்விழித்துப் படித்துவிட்டு மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். நேரத்துக்குத் தூங்கி, பக்கவாட்டில் படுத்துப் பார். வரும்போது முழு உடம்பையும் உதற முயலாமல் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பார். அடிக்கடி வந்தால், அல்லது பகலில் பேச்சுக்கு நடுவிலேயே தூக்கம் தள்ளினால், மருத்துவரிடம் காட்டு.

கெடிலக்கரை

அக்கா, உங்கள் கேள்விகளுக்குப் பதில். விடியற்காலை நாலரை ஐந்து மணிக்குத்தான் வருகிறது. மூச்சு வாங்குவதில்லை, குறட்டையும் இல்லை என்று அம்மா சொல்கிறார். மாத்திரை எதுவும் இல்லை. எங்கேயும் அடைபட்டதாக நினைவில்லை.

கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பார்த்தேன். கனவில் நான் ஒன்றுமே செய்வதில்லை. சிவப்பு மணிப் பொத்தான் இருக்கிறது, அதைப் பார்க்கவும் செய்கிறேன். அழுத்துவதில்லை. வெளியே இருக்கிறவர்கள் டீ குடித்து முடிக்கட்டும், நடுவில் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். அப்பாவிடமும் மாட்டிக்கொண்டேன் என்று சொல்வதில்லை. பயத்தைவிட, நேரம் ஆகிறதே என்கிற தவிப்புதான் அதிகம்.

வீட்டு நிலைமை இது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சரியில்லை. அம்மாவால் தனியாகத் தூக்கி உட்கார வைக்க முடியாது. அண்ணன் சென்னையில். ஆபீஸில் மேல் பொறுப்பு தருகிறோம், ஆனால் மாதக் கடைசியில் இரவு வரை இருக்க வேண்டும், புதுச்சேரியிலேயே வீடு பார்த்துக்கொள் என்கிறார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, வேலையை விடவும் முடியாது. அவர்களிடம் சொல்கிறேன் சொல்கிறேன் என்று பதில் சொல்லாமலே இருக்கிறேன்.

ஊசுட்டேரி

உங்கள் பதிலில் மூச்சுக் கோளாறுக்கான அடையாளம் தெரியவில்லை. பழைய அதிர்ச்சியும் தெரியவில்லை. அதனால் மூன்றாவது வழியில் பார்க்கலாம்.

இந்தக் கனவு இதைத்தான் குறிக்கும் என்று அகராதி எதுவும் கிடையாது. பிராய்ட் தன் கனவுப் புத்தகத்தில் குறுகலான இடத்தைத் தாயின் கருப்பையோடு சேர்த்துப் பேசியிருப்பார். என்னிடம் வந்தவர்களில் அதனால் தெளிவு பெற்றவர் யாரையும் நான் பார்க்கவில்லை. எனக்கு உதவியது எர்னஸ்ட் ஹார்ட்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் பார்வை. வீடு தீப்பிடித்துத் தப்பியவர்கள்கூடப் பல நேரம் தீயைக் கனவு காண்பதில்லை, வானளவு அலை வந்து அடித்துப் போவதாகக் காண்கிறார்கள் என்று அவர் கவனித்தார். நடந்த சம்பவம் கனவில் வராமல் போகலாம். அதில் மேலோங்கி நின்ற உணர்ச்சி, தனக்குப் பொருத்தமான ஒரு படத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஆபீஸில் லிஃப்ட்டே இல்லாமல் உங்களுக்கு லிஃப்ட் கனவு வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மேலே போகப் பொத்தானை அழுத்தியாயிற்று, போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நான் பெட்டியைவிட அந்த மணிப் பொத்தானைத்தான் பார்ப்பேன். அடைபட்ட கனவு காண்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் கதவைக் குத்திக்கொண்டே இருப்பார், கை வலிக்கும், யாருக்கும் கேட்காது. இன்னொருவர் கத்துவார், குரல் வராது. வேறொருவர் அந்த அறையிலேயே பாய் விரித்து வாழத் தொடங்கிவிடுவார். நீங்கள் உதவி கேட்கிற வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அடுத்தவர்க்குத் தொந்தரவு என்று விடுகிறீர்கள். பகலில் யாரிடம் இப்படி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

வில்லியனூர் கணக்கு வாத்தியார்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இதில் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். மாட்டிக்கொண்ட மாதிரி உணராத நடுத்தர வயது மனுஷன் நம்மூரில் யார்? கடன், வேலை, பெற்றோர் இதெல்லாம் எல்லாருக்கும் உண்டு. லிஃப்ட் கனவு வந்தால் "வாழ்க்கை நின்றுவிட்டது" என்பீர்கள். விழுகிற கனவு வந்தால் "பிடிமானம் இல்லை" என்பீர்கள். பஸ்ஸைத் தவறவிட்ட கனவு வந்தாலும் அதே வாழ்க்கையோடு பொருத்திவிடலாம். எதை வைத்தாலும் பொருந்துகிற சாவியால் எந்தப் பூட்டைத் திறந்ததாக நம்புவது? பெரியவர் சொன்ன பத்து நாள் கணக்குக்கும் இதற்கும் முறையில் என்ன வித்தியாசம்?

ஊசுட்டேரி

நியாயமான கேள்வி சார். நானும் இதை வைத்துக்கொண்டு வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

ஒருவருடைய ஒரு கனவை எடுத்து இதற்கு இதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கால்வின் ஹால் என்பவர் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேர்த்து, யார் வருகிறார்கள், என்ன உணர்ச்சி, எத்தனை சண்டை என்று எண்ணிப் பார்த்தார். 1966-ல் வான் டி காசிலோடு சேர்ந்து அந்த எண்ணும் முறையைப் புத்தகமாக்கினார். மொத்தமாகப் பார்க்கும்போது பகலில் எதில் மனம் ஊன்றியிருக்கிறதோ அதுவே கனவிலும் தொடர்கிறது என்பதுதான் அந்தப் பாதையில் வந்தவர்கள் கண்டது. மொத்தத்தில் உண்மையானது இந்தத் தங்கையின் இந்தக் கனவிலும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால்தான் நான் அர்த்தம் சொல்லாமல் கேள்வி கேட்கிறேன். அவர் "இல்லையே, அப்படி எதுவும் இல்லை" என்றால் நான் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, அர்த்தம் தவறாகவே இருந்தாலும் கனவைக் குறைக்க ஒரு பயிற்சி இருக்கிறது. அதற்கு அர்த்தமே தேவையில்லை.

வில்லியனூர் கணக்கு வாத்தியார்

அப்படியென்றால் அதை முதலில் சொல்லுங்கள். அர்த்தம் இல்லாமல் வேலை செய்கிறது என்றால் எனக்கு அதில்தான் ஆர்வம்.

கெடிலக்கரை

நான் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள், அண்ணி வேலைக்குப் போகிறார். போனில் "எல்லாம் நல்லா இருக்குண்ணா" என்றுதான் சொல்வேன். இதை எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாத்தியார் சார் சொல்வது போல எல்லாருக்கும் பொருந்துகிற விஷயமாகவே இருக்கலாம். எனக்குப் பொருந்துகிறது.

அந்தப் பயிற்சியைச் சொல்லுங்கள் அக்கா.

ஊசுட்டேரி

கனவை மாற்றி எழுதி ஒத்திகை பார்ப்பது, அவ்வளவுதான். இதைப் பரவலாக்கியவர் பாரி கிராகோவ் என்ற மருத்துவர். பாலியல் வன்முறைக்கு ஆளாகித் தொடர்ந்து கெட்ட கனவு கண்டுகொண்டிருந்த பெண்களிடம் அவர் குழு செய்த ஆய்வு 2001-ல் வெளியானது. மூன்றே அமர்வுகளில் கற்றுக்கொடுத்தார்கள், கனவும் குறைந்தது, தூக்கமும் தேறியது.

பகல் வெளிச்சத்தில், சாப்பிட்டு முடித்து அமைதியாக இருக்கிற நேரத்தில் ஒரு நோட்டை எடுங்கள். படுக்கப் போகிற நேரம் வேண்டாம். கனவை நடக்கிறபடியே, "நான் லிஃப்ட்டில் நிற்கிறேன்" என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள். ஒருமுறை போதும், அதைத் திரும்பத் திரும்பப் படிக்கக் கூடாது. அப்புறம் உங்களுக்குப் பிடித்த இடத்தில், பிடித்த மாதிரி மாற்றுங்கள். கதவு திறக்கும்போது சுவர் இல்லாமல் போகலாம். பெட்டி அகலமாகலாம். லிஃப்ட்டே இல்லாமல் போகலாம். நான் "இப்படி மாற்றுங்கள்" என்று சொல்ல மாட்டேன், அது உங்களுடையதாக இருக்க வேண்டும். புதிய கனவை முழுசாக எழுதி முடித்த பிறகு, தினமும் பத்திலிருந்து இருபது நிமிஷம் கண்ணை மூடி அதை மட்டும் மனதில் ஓட்டிப் பாருங்கள். பழையது குறுக்கே வந்தால் சண்டை போடாமல் புதியதற்குத் திரும்புங்கள்.

இரண்டு தவறுகளை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒன்று, புதிய கனவை வீர சாகசமாக எழுதுவது. கதவை உடைத்தேன், எல்லாரையும் அடித்தேன் என்று எழுதினால் ஒத்திகையிலேயே நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும். மற்றது, இருக்கிற கனவுகளில் ஆகக் கொடூரமானதை முதலில் எடுப்பது. லேசானதில் தொடங்க வேண்டும். ஒத்திகை பார்க்கிறபோது வேர்த்துக் கொட்டினாலோ பழைய சம்பவம் கண்முன் வந்தாலோ நிறுத்திவிடுங்கள். அப்போது தனியாகச் செய்யக் கூடாது.

தேவனாம்பட்டினம் வலைக்காரர்

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு லிஃப்ட் இல்லை, குளியலறை. 2011 டிசம்பரில் தானே புயல் கரை கடந்த ராத்திரி, ஓடு எல்லாம் பறந்துவிட்டது. நானும் மனைவியும் குழந்தையும் தளம் போட்ட குளியலறையில் நின்றுகொண்டு விடியும் வரை கதவை முதுகால் அழுத்திப் பிடித்திருந்தோம். தகரம் வந்து கதவில் மோதும். இத்தனை வருஷம் கழித்தும் டிசம்பர் வந்தால் அந்தக் குளியலறைதான் கனவில் வரும், அப்படியே, ஒன்றுகூட மாறாமல். 2024-ல் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியே மிதந்தது இல்லையா, அதிலிருந்து மாதம் தவறாமல் வருகிறது. தூக்கத்தில் கத்துகிறேனாம், சுவரை உதைக்கிறேனாம். இதை எழுதி வைக்க உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. சரக்கு போட்டால் தூக்கம் வருகிறது என்று ராத்திரி கொஞ்சம் குடிப்பேன், அதையும் மறைக்கவில்லை.

ஊசுட்டேரி

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களுக்கும் இந்தத் தங்கைக்கும் கனவு பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு. அவருக்கு நடக்காத ஒன்று படமாக வருகிறது. உங்களுக்கு நடந்ததே நடந்தபடி திரும்ப வருகிறது, அதுவும் அந்த மாதம் வந்தால். இது அதிர்ச்சியின் தொடர்ச்சி. வைத்தியம் இருக்கிறது, பலன் தருகிற வைத்தியம். ஆனால் நீங்களாக நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

குடியைப் பற்றி: அது முதல் பாதி ராத்திரியில் கனவை அமுக்கும். மிச்சப் பாதியில், அல்லது ஒருநாள் விட்டால், அமுங்கினதெல்லாம் சேர்ந்து வரும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று மொத்தமாக நிறுத்துவதும் ஆபத்து. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். தூக்கத்தில் உதைப்பதும் கத்துவதும் அதிர்ச்சியால் இருக்கலாம், ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு வருகிற வேறொரு தூக்கக் கோளாறாகவும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

முத்தியால்பேட்டை லிஃப்ட் மணி

தானே புயலில் நாங்களும் பட்டோம். வலைக்காரரே, போய்ப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் கோரிமேடு ஜிப்மருக்கு நான் வருகிறேன், எனக்கு வழி தெரியும்.

கெடிலக்கரை

சில வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

முதலில் எழுதிய புதுக் கனவு சரிவரவில்லை. அண்ணன் வந்து கதவைத் திறந்து என்னைத் தூக்கிவிடுவது போல எழுதினேன். ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சலித்துக்கொள்வது போலவே வந்தது. அக்காவிடம் தனிச்செய்தியில் சொன்னேன், பிடிக்காததை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அப்புறம் மாற்றினேன். லிஃப்ட் நிற்கிறது. நான் மணியை அழுத்துகிறேன். வெளியே இருக்கிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே வந்து "என்னம்மா, எந்த மாடி?" என்று கேட்கிறார்கள். "தெரியலை, கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்க" என்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது மணி அண்ணா சொன்ன அந்தப் பேட்டரி வேலை செய்து, லிஃப்ட் மெதுவாக இறங்கிக் கதவு திறக்கிறது. எனக்கும் ஒரு டீ தருகிறார்கள். இதை மதியம் சாப்பிட்ட பிறகு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன்.

கனவு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. கடைசியாக வந்ததில் மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை, ஆனால் பெட்டி சுருங்கவில்லை. எழுந்ததும் அந்தக் கனம் இல்லை. இடையில் அண்ணனிடமும் பேசிவிட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் பாதிச் செலவு தருகிறேன் என்றார், பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம் என்றார். ஆபீஸுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வில்லியனூர் கணக்கு வாத்தியார்

சந்தோஷம் அம்மா. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டீர்கள். ஒத்திகையால் குறைந்ததா, அண்ணனிடம் பேசியதால் குறைந்ததா?

கெடிலக்கரை

தெரியவில்லை சார். மணியை அழுத்துவது போல ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அண்ணனுக்குப் போன் போட்டேன். எது எதைக் கொண்டுவந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

லாசுப்பேட்டை ரமணன்

இருந்தாலும் ஒரு தடவை தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் இதை விட மாட்டேன்.

ஊசுட்டேரி

அடையாளம் தெரிந்தால் செய்யட்டும் ரமணன். குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலைவலி இதில் ஏதாவது வந்தால் அவரே சொல்வார். வாத்தியார் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஒத்திகையிலேயே கேட்கக் கற்றுக்கொண்டதால் நிஜத்திலும் கேட்டாரா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

தேவனாம்பட்டினம் வலைக்காரர்

அம்மா, நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் பண்ணிப் பேசினேன். புதன்கிழமை நேரில் போகிறேன், மணி அண்ணன் கூட வருகிறார். வீட்டுக்காரியையும் அழைத்துப் போகட்டுமா? அவளுக்கு ஒரு நாள் மீன் வியாபாரம் போய்விடும்.

ஊசுட்டேரி

அழைத்துப் போங்கள். தூக்கத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். எத்தனை மணிக்கு உதைக்கிறீர்கள், என்ன கத்துகிறீர்கள், எழுப்பினால் உடனே தெளிகிறீர்களா, குறட்டை நடுவில் மூச்சு நிற்கிறதா, இதை அவர் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள்.